பல்வலிக்கும் இடுப்பு வலிக்கும் மதுவா, மாத்திரையா, சிகிச்சையா: ஓர் ஒப்பீடு

இரவு ஒன்பது மணிக்குக் கடைவாய்ப் பல் குத்தத் தொடங்குகிறது. பல் மருத்துவமனை மூடியாகிவிட்டது. டாஸ்மாக் கடை இன்னும் ஒரு மணி நேரம் திறந்திருக்கும். இன்னொரு வீட்டில், நாள் முழுவதும் மூட்டை தூக்கியவருக்கு இடுப்பு நிமிர மறுக்கிறது. விடிந்தால் மறுபடியும் வேலைக்குப் போய் நிற்க வேண்டும். இந்த இரண்டு வீடுகளிலும் பலர் எடுக்கும் முடிவு ஒன்றுதான். "ஒரு குவார்ட்டர் போட்டாத்தான் தூக்கம் வருது" என்று அவர்கள் சொல்வதை வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. மது சிறிது நேரத்துக்கு வலியை உண்மையிலேயே குறைக்கிறது. அது வேலையே செய்யாது என்று சொல்லித் தொடங்கினால், குடித்து வலி குறைந்ததை அனுபவித்தவர் அதற்கு மேல் எதையும் காதில் வாங்க மாட்டார். ஆகவே அது எவ்வளவு குறைக்கிறது, எத்தனை மணி நேரத்துக்குக் குறைக்கிறது, அதன் பிறகு வலி என்னவாகிறது என்று கணக்குப் போட்டு, மற்ற வழிகளோடு வைத்துப் பார்ப்பதே முறை.

## எதை வைத்து ஒப்பிடுவது

நான்கு கேள்விகள் போதும். முதலாவது, வலி எவ்வளவு குறைகிறது, எவ்வளவு நேரம் அப்படியே நிற்கிறது. இரண்டாவது, மறுநாளும் அடுத்த மாதமும் அதே வலி கூடுகிறதா, குறைகிறதா. மூன்றாவது, வலிக்குக் காரணமான நோய்க்கு என்ன ஆகிறது. அது ஆறுகிறதா, மறைந்தபடி வளர்கிறதா. நான்காவது, அந்த வழியைத் தேர்ந்தெடுக்கும்போது கண்ணில் படாத செலவு எது.

வலியில் இருப்பவர் இயல்பாக முதல் கேள்வியின் முதல் பாதியை மட்டுமே கேட்கிறார். அது அவர் குற்றமல்ல. கடுமையான வலி மனிதரை அடுத்த அரை மணி நேரத்துக்கு அப்பால் யோசிக்க விடுவதில்லை. மீதிக் கேள்விகளை வலி இல்லாத ஒரு பகல் பொழுதில் யோசித்து வைத்திருப்பது நல்லது.

## முதல் வழி: மது மட்டும்

2017-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கிரீனிச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மதுவுக்கும் வலிக்கும் உள்ள தொடர்பைச் சோதித்த 18 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். அவை உடல்நலமுள்ளவர்களுக்குச் சூடு, குளிர்நீர், மின்சாரம் போன்றவற்றால் வலி உண்டாக்கிச் செய்யப்பட்ட சோதனைகள். 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 80 மில்லிகிராம் மது இருக்கும் நிலையில், பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடப்பட்ட வலி சராசரியாக 1.25 புள்ளி குறைந்தது. ஏழு மதிப்பெண் வலி ஆறுக்குக் கொஞ்சம் கீழே வருகிறது என்று பொருள். வலி முற்றாகப் போய்விடவில்லை. ஆனால் அதோடு சேர்ந்து பயமும் பதற்றமும் தளர்வதால், வலி "தூரத்தில்" இருப்பதுபோல் தோன்றுகிறது. குடிப்பவர் உணரும் நிம்மதியில் பெரும்பங்கு இந்தத் தளர்ச்சிதான்.

அந்த 80 மில்லிகிராம் என்பது சிறிய அளவு அல்ல. நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டம் வண்டி ஓட்டுபவருக்கு அனுமதிக்கும் உச்ச அளவு 30 மில்லிகிராம். வலியைக் கண்கூடாகக் குறைக்கும் அளவு அதைவிட இரண்டரை மடங்குக்கும் மேல்.

இதை ஓர் இரவின் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். 65 கிலோ எடையுள்ள, பல்வலியில் இருக்கும் ஓர் ஆண், இரவு 9 மணிக்கு 180 மில்லிலிட்டர் பிராந்தி குடிக்கிறார் என்று கொள்வோம். புட்டியில் 42.8 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். அந்தக் கணக்கில் உள்ளே போகும் தூய மது ஏறத்தாழ 61 கிராம். இரத்தத்தில் அதன் அளவு சுமார் 130 மில்லிகிராம் வரை ஏறும். கல்லீரல் மணிக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம் வீதம் அதைக் குறைத்துக்கொண்டே வரும். ஆகவே நள்ளிரவு 1 மணியளவில் அளவு 80-க்குக் கீழே இறங்கிவிடுகிறது. வலியைத் தணித்த நேரம் மூன்று அல்லது நான்கு மணி நேரம். அதிகாலை 4 மணிக்கு வண்டி எடுக்க வேண்டிய ஓட்டுநராக அவர் இருந்தால், அப்போதும் சட்டம் விதித்த 30-ஐ ஒட்டியே இருப்பார். அவர் கட்டிங்கோடு, அதாவது 90 மில்லிலிட்டரோடு நிறுத்தியிருந்தால், இரத்தத்தில் மது அந்த 80-ஐ எட்டியே இருக்காது. ஆளுக்கு ஆள், சாப்பாட்டுக்குச் சாப்பாடு இந்த எண்கள் மாறும். ஆனால் கணக்கின் போக்கு மாறாது.

இனிதான் இரண்டாவது கேள்வி வருகிறது. மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்புகளை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையை மது கூட்டுகிறது. நரம்புகளைக் கிளர்த்தும் குளூட்டமேட்டின் வேலையை அடக்குகிறது. உடல் இந்த அடக்குமுறையைச் சரிசெய்ய எதிர்த்திசையில் முட்டுக்கொடுக்கத் தொடங்குகிறது. மது இறங்கிய பிறகும் அந்த முட்டு உடனே விலகுவதில்லை. அதனால் பின்னிரவில் நரம்புகள் வழக்கத்தைவிடக் கிளர்ந்த நிலையில் இருக்கின்றன. இதயம் படபடக்கிறது, வியர்க்கிறது, தூக்கம் கலைகிறது, முன்பு ஆறாக இருந்த வலி இப்போது ஏழாக, எட்டாக உணரப்படுகிறது. மதுவால் வரும் தூக்கம் முதல் பாதியில் ஆழமாகவும் இரண்டாம் பாதியில் துண்டு துண்டாகவும் இருப்பது தூக்க ஆய்வுகளில் நன்கு தெரிந்த விஷயம். தூக்கம் குறைந்த உடல் மறுநாள் அதே வலியைக் கூடுதலாக உணரும் என்பதும் நிறுவப்பட்டதே.

பல்வலிக்கு இதில் தனித் தொல்லை ஒன்று உண்டு. பல்லின் நடுவே உள்ள கூழ்ப் பகுதியில் நரம்பும் இரத்தக் குழாய்களும் இருக்கின்றன. அதைச் சுற்றிலும் விரியவே முடியாத கடினச் சுவர். சொத்தை அங்கே எட்டியதும் கூழ் வீங்குகிறது, வீங்க இடமில்லாததால் அழுத்தம் நேரே நரம்பின்மேல் விழுகிறது. படுத்தால் தலைப்பக்கம் இரத்த ஓட்டம் கூடி அழுத்தம் மேலும் ஏறுகிறது. பல்வலி இரவில் கொல்வது இதனால்தான். குடித்துவிட்டு மல்லாந்து தூங்குபவர், மது இறங்கும் பின்னிரவில் மிக மோசமான நிலையில் விழித்துக்கொள்கிறார். பிராந்தியைச் சொத்தைப் பல்லின் பக்கமாக வாயில் அடக்கி வைப்பதும் பலர் செய்வது. அது ஈற்றையும் கன்னத்தின் உட்புறத்தையும் எரித்து மரத்துப் போகச் செய்கிறது. பல்லின் உள்ளே இருக்கும் கூழுக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை. மிஞ்சுவது வாய்ப்புண்.

இந்த வழக்கம் மாதக் கணக்கில் தொடர்ந்தால் நடப்பது வேறு. அதே தணிவுக்கு முன்பைவிடக் கூடுதல் அளவு தேவைப்படுகிறது. கூடுதலாகக் குடிக்கக் குடிக்க, குடிக்காத நேரங்களில் நரம்புகளின் கிளர்ச்சியும் கூடுகிறது. ஒரு கட்டத்தில் மாலையில் வரும் இடுப்பு வலியில் எவ்வளவு பழைய தசைப்பிடிப்பு, எவ்வளவு நேற்றைய மது இறங்கியதன் விளைவு என்று அவராலேயே பிரித்தறிய முடிவதில்லை. குடித்தவுடன் வலி குறைவதால், குடிதான் மருந்து என்ற நம்பிக்கை உறுதிப்படுகிறது. அந்த வலியின் ஒரு பகுதியைக் குடியே உண்டாக்கியது என்பது அவருக்குத் தெரிய வழியே இல்லை. இந்தப் பொறியைத்தான் குடிப்பவரிடமும் அவர் வீட்டாரிடமும் பொறுமையாக விளக்கிச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். ஏசுவதால் இது புரியாது.

மூன்றாவது கேள்விக்கு, காரண நோய்க்கு என்ன ஆகிறது என்பதற்கு, இரண்டு விடைகளை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

பல்லைப் பொறுத்தவரை, சில நாட்களோ வாரங்களோ கழித்து வலி தானாகவே நின்றுபோவது உண்டு. குடித்தே சரிசெய்துவிட்டேன் என்று சொல்பவர்கள் பலரும் இந்தக் கட்டத்தைத்தான் சொல்கிறார்கள். உண்மையில் உள்ளே இருந்த நரம்பு இறந்துவிட்டது. வலியை உணர்த்த ஆளில்லை. கிருமிகள் வேரின் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கிச் சீழ் கட்டுகின்றன. குளிர்ந்த நீர் பட்டால் கூசிய பல், இப்போது கூசாமல், மெல்லும்போதும் தட்டும்போதும் மட்டும் வலித்தால், அல்லது ஈற்றில் சிறு பரு போல வீங்கி உடைந்து உடைந்து வந்தால், அதுதான் இந்த நிலைக்கு அடையாளம்.

இடுப்பு, முதுகு வலியைப் பொறுத்தவரை, கவனிக்கப்படாமல் போகும் முக்கியமான உறுப்பு கணையம். பல ஆண்டுகள் தொடர்ந்து குடிப்பவர்களுக்கு வரும் கணைய அழற்சியின் வலி, மேல் வயிற்றில் தொடங்கி நேராக முதுகுக்குத் துளைத்துக்கொண்டு போகும். சிலர் அதை முதுகு வலி என்றே சொல்கிறார்கள். அதைத் தணிக்க மீண்டும் குடிக்கிறார்கள். வலியை உண்டாக்கிய பொருளே வலிக்கு மருந்தாகிவிடுகிறது. பிரித்தறிய வழி இருக்கிறது. தசை, முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு சார்ந்த வலி குனியும்போதும் தூக்கும்போதும் எழும்போதும் மாறும். கணைய வலி அப்படி அசைவோடு மாறுவதில்லை. சாப்பிட்ட பிறகோ குடித்த பிறகோ கூடும், உட்கார்ந்து முன்பக்கம் சாய்ந்தால் சற்றுத் தணியும். அதோடு உடல் மெலிவு, எண்ணெய் மிதப்பதுபோன்ற மலம், புதிதாக வந்த சர்க்கரை நோய் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால், முதுகுக்கு எண்ணெய் தேய்ப்பதை விட்டுவிட்டு வயிற்றுக்கு ஸ்கேன் எடுக்க வேண்டும்.

நீண்ட நாள் குடியால் வரும் இன்னும் இரண்டு வலிகள் இடுப்புக் கணக்கில் எழுதப்படுகின்றன. பாத எரிச்சலும் மரத்தலும் தயமின் என்ற பி1 வைட்டமின் குறைவாலும் மதுவாலும் நரம்புகள் கெடுவதன் விளைவாக இருக்கலாம். தொடை மடிப்பில் வந்து நடக்கும்போது கூடும் வலி, தொடை எலும்பின் தலைக்கு இரத்த ஓட்டம் தடைபட்டதால் இருக்கலாம்.

மது மட்டும் என்ற வழி எந்தச் சூழலில் சிறந்தது என்று இந்த வகைக் கட்டுரையில் சொல்ல வேண்டும். நான் தேடிப் பார்த்த வரையில் அப்படி ஒரு சூழல் இல்லை. மருந்துக்கடையே இல்லாத ஊரில்கூட, அந்த மூன்று மணி நேரத் தணிவை வாங்குவதற்குக் கொடுக்கும் விலை பின்னிரவு வலி.

## இரண்டாவது வழி: மாத்திரை மட்டும்

இங்கே பல்லையும் இடுப்பையும் பிரித்தே பேச வேண்டும். ஒரே மாத்திரை இரண்டிலும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை.

பல்வலியில் மாத்திரை மதுவைவிடத் தெளிவாக மேலானது. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்களின் திடீர்ப் பல்வலிக்கு முதல் மருந்தாக ஐபுப்ரோஃபென் போன்ற அழற்சி நீக்கிகளைத் தனியாகவோ பாராசிட்டமாலுடன் சேர்த்தோ தரச் சொல்கிறது. ஐபுப்ரோஃபென் கூழின் அழற்சியையே குறைக்கிறது. பாராசிட்டமால் வேறு வழியில் வலியைத் தணிக்கிறது. 400 மில்லிகிராம் ஐபுப்ரோஃபெனும் 500 மில்லிகிராம் பாராசிட்டமாலும் சாப்பாட்டுக்குப் பின் சேர்த்து எடுத்தால், ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்குத் தாக்குப்பிடிக்கலாம். தலையணையை உயர்த்திப் படுப்பதும் உதவும். மது இறங்கும்போது வலி எகிறுவதுபோல இங்கே நடப்பதில்லை. மருந்து தீர்ந்தால் பழைய வலி திரும்புகிறது, அவ்வளவுதான்.

இடுப்பு வலியில் நிலைமை வேறு. திடீரென வந்த கீழ் முதுகு வலிக்குப் பாராசிட்டமாலை மருந்தே இல்லாத போலி மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்த பெரிய ஆஸ்திரேலிய ஆய்வு 2014-இல் லான்செட் இதழில் வந்தது. பாராசிட்டமால் எடுத்தவர்கள் போலி மாத்திரை எடுத்தவர்களைவிட விரைவில் குணமடையவில்லை. அழற்சி நீக்கிகள் ஓரளவு உதவுகின்றன, அதுவும் சில நாட்களுக்கு. "மாத்திரை கேட்கலை, அதனாலதான் குடிச்சேன்" என்று இடுப்பு வலிக்காரர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. கேட்காத மாத்திரைக்கு மாற்று மது அல்ல என்பதை நான்காவது வழியில் பார்க்கலாம்.

மாத்திரைக்கும் மறைந்த செலவு உண்டு. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் மூன்றும் ஒரே குடும்பம். கடையில் கேட்டு வாங்கி வாரக்கணக்கில் விழுங்கினால் இரைப்பையும் சிறுநீரகமும் கெடும். சிறுநீரக நோய், இரைப்பைப் புண், இரத்தம் உறையாமைக்கான மருந்து, கர்ப்பம், வலி மாத்திரையால் தூண்டப்படும் ஆஸ்துமா ஆகியவை உள்ளவர்கள் இவற்றைத் தாமாக எடுக்கக் கூடாது. காய்ச்சலோடு சேர்ந்த முதுகு வலியிலும் வேண்டாம். டெங்குவாக இருந்தால் இரத்தக்கசிவுக்கு வழி செய்யும். பாராசிட்டமாலுக்கு ஒரு நாளின் உச்ச அளவு 4 கிராம். சளி மாத்திரையிலும் அசிக்ளோஃபெனாக் கூட்டு மாத்திரையிலும் பாராசிட்டமால் இருப்பதைக் கவனிக்காமல் இரண்டு மூன்று வகைகளைச் சேர்த்து எடுப்பவர்கள் இந்த எல்லையை எளிதில் தாண்டிவிடுகிறார்கள்.

சொத்தைப் பல்லுக்கு ஒரு நாளோ இரண்டு நாளோ, மருத்துவரைப் பார்க்கும் வரை கடத்துவதற்கு இந்த வழியே சிறந்தது.

## மூன்றாவது வழி: மாத்திரையும் மதுவும் சேர்த்து

நடைமுறையில் அதிகம் நடப்பது இதுதான்; நான்கிலும் ஆபத்து மிகுந்ததும் இதுதான். மாத்திரை போட்டு அரை மணி நேரம் பொறுக்க முடியாமல் குடிப்பார்கள், அல்லது குடித்தும் அடங்காமல் மாத்திரை போடுவார்கள். யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை என்பதால் எச்சரிக்கையும் எடுபடுவதில்லை.

பாராசிட்டமாலில் ஒரு சிறு பகுதி கல்லீரலில் நச்சுப் பொருளாக மாறும். குளூட்டாதயோன் என்ற பொருள் அதை உடனுக்குடன் செயலிழக்கச் செய்துவிடும். தொடர்ந்து குடிப்பவரின் கல்லீரலில் இரண்டும் தலைகீழாகின்றன: நச்சாக மாற்றும் நொதி பெருகியிருக்கும், குளூட்டாதயோன் கையிருப்பு குறைந்திருக்கும். பல்வலியால் இரண்டு நாட்களாகச் சரியாகச் சாப்பிடவும் இல்லையென்றால் கையிருப்பு இன்னும் சுருங்கும். அதனால்தான் தினமும் குடிப்பவர்கள் ஒரு நாளைக்கு 2 கிராமுக்கு மேல் போகக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அதையும் மருத்துவரைக் கேட்டே எடுக்க வேண்டும். இதில் கொடியது என்னவென்றால், கல்லீரல் பாதிப்பு முதல் நாளில் பெரிதாக எதையும் காட்டாது. குமட்டலும் வாந்தியும் வந்தால் மது ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துவிடுவார்கள். மஞ்சள் காமாலை தெரிவதற்குள் இரண்டு மூன்று நாள் போயிருக்கும்.

ஐபுப்ரோஃபென் குடும்ப மருந்துகள் இரைப்பையின் காப்புப் படலத்தைக் குறைக்கின்றன. மது அதே சுவரை அரிக்கிறது. இரண்டும் சேர்ந்தால் இரத்தக்கசிவு. மலம் தார் போலக் கறுத்தால், காபித்தூள் நிறத்தில் வாந்தி வந்தால், அது அவசர நிலை.

இடுப்பு வலிக்காரர்களுக்கு இன்னொரு கூட்டம் மருந்துகள் எழுதிக் கொடுக்கப்படுகின்றன: டிராமடால், பிரகாபலின், காபாபென்டின் ஆகியவையும் டிசானிடின் போன்ற தசைத் தளர்த்திகளும். இவை ஒவ்வொன்றும் மதுவைப் போலவே மூளையின் வேகத்தைத் தணிப்பவை. இரண்டும் ஒன்றுசேர்ந்தால் தூக்கத்தில் மூச்சு மெதுவாகி நின்றே போகலாம். குறட்டை விட்டு நன்றாகத் தூங்குகிறார் என்று வீட்டார் விட்டுவிடுவதுதான் அஞ்ச வேண்டிய காட்சி. எழுப்பினால் எழாமல், மூச்சு விட்டு விட்டு வந்து, உதடு நீலம் பாரித்தால், உடனே 108-ஐ அழைத்து, அவரைப் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வைக்க வேண்டும்.

பல் மருத்துவர் அடிக்கடி எழுதும் மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லியோடும் மது கூடாது என்பது அந்த மருந்தின் எச்சரிக்கையிலேயே உள்ளது. முகம் சிவந்து, வாந்தியும் படபடப்பும் வரலாம் என்று அது சொல்கிறது. மாத்திரை முடிந்த பிறகும் மூன்று நாட்கள் பொறுக்க வேண்டும்.

## நான்காவது வழி: காரணத்துக்குச் சிகிச்சை

பல்லுக்கு இந்த வழி எளிது, தெளிவானது. குளிர்ந்தது பட்டு இரண்டொரு நொடி கூசி நின்றால் கூழ் இன்னும் மீளக்கூடிய நிலையில் இருக்கிறது. சொத்தையைச் சுரண்டி அடைத்தாலே போதலாம். கூச்சம் நிமிடக்கணக்கில் நீடித்தாலோ, எதுவும் படாமலே வலி தூக்கத்திலிருந்து எழுப்பினாலோ, வேர் சிகிச்சை செய்ய வேண்டும் அல்லது பல்லைப் பிடுங்க வேண்டும். மரத்துப் போகும் ஊசி போட்டுக் கூழைத் திறந்து அழுத்தத்தை வெளியேற்றியதும் பெரும்பாலானவர்களுக்கு அன்றே வலி அடங்குகிறது. மற்ற மூன்று வழிகளாலும் தர முடியாதது இது. வீக்கமும் காய்ச்சலும் இல்லாத பல்வலிக்குக் கிருமிக்கொல்லியைக் கடையில் வாங்கி விழுங்குவதால் வலி குறைவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்த வழியின் மறைந்த செலவுகளையும் மறைக்கக் கூடாது. வேர் சிகிச்சைக்கு இரண்டு மூன்று முறை போக வேண்டியிருக்கலாம். தினக்கூலி பெறுபவருக்கு ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி. முதல் நாளே வலி நின்றுவிடுவதால் பலர் அடுத்த முறை போவதில்லை. திறந்த பல்லில் கிருமி சேர்ந்து சில மாதங்களில் சீழோடு திரும்புகிறார்கள். மூடி போடாமல் விட்ட பல் உடைந்தும் போகும். பணம் ஒரு தடையாக இருந்தால், அரசு மருத்துவமனைகளின் பல் பிரிவிலும் அரசு பல் மருத்துவக் கல்லூரியிலும் பல் பிடுங்குவதற்குச் செலவு அநேகமாக இல்லை, காத்திருப்புதான் விலை. ஒரு குவார்ட்டர் 150 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், பத்து இரவுகளுக்கு 1500 ரூபாய் ஆகிறது, பல் அப்படியே இருக்கிறது.

மருத்துவரிடம் போகும் நாளில் தைரியத்துக்காகக் குடித்துவிட்டுப் போகக் கூடாது. குடித்திருப்பவருக்கு இரத்தம் நிற்கத் தாமதமாகும், எழுதிக் கொடுக்கும் மருந்துகளும் முட்டிக்கொள்ளும்; பெரும்பாலான மருத்துவர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பல் பிடுங்கிய பிறகு அந்தக் குழியில் உறைந்த இரத்தமே புண்ணை மூடிக் காக்கிறது. அன்றிரவு மது குடித்து வாய் கொப்பளித்தால் அது கழன்று, எலும்பு வெளித்தெரிந்து, பழைய பல்வலியைவிட மோசமான வலி மூன்றாம் நாளையொட்டித் தொடங்கலாம்.

இடுப்பு வலிக்குச் சிகிச்சை அவ்வளவு கச்சிதமானது அல்ல. திடீரென வந்த வலி பெரும்பாலும் ஆறு வாரங்களுக்குள் தானே குறைகிறது. படுத்தே கிடப்பது அதைத் தள்ளிப்போடும். தாங்கும் அளவு நடப்பதே நல்லது. மூன்று மாதங்களைத் தாண்டிய வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல் உடற்பயிற்சி, வலியைப் பற்றிய விளக்கம், மனநல ஆலோசனை, தேவைப்பட்டால் அழற்சி நீக்கிகள் ஆகியவற்றைப் பரிந்துரைக்கிறது. அபின் வகை மாத்திரைகளையும் இடுப்புப் பட்டையையும் வழக்கமாகத் தர வேண்டாம் என்கிறது. வலி குணமானவர்களைப் பிசியோதெரபிஸ்ட் வழிகாட்டலில் படிப்படியாக நடக்க வைத்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு 2024-இல் வெளியானது. நடந்தவர்களுக்கு வலி மீண்டும் வரச் சராசரியாக 208 நாட்கள் ஆயின. நடக்காதவர்களுக்கு 112 நாட்கள். தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபியும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம்.

இந்த வழியின் குறை, அது மெதுவானது என்பதே. இன்றிரவு வலிக்கு அது விடை தராது. நாளை மூட்டை தூக்கியே ஆக வேண்டும் என்ற நிலையில் இருப்பவரிடம் பயிற்சி செய்யுங்கள் என்று மட்டும் சொல்வது அநியாயம். சில நாட்களுக்காவது எடை குறைந்த வேலையை மாற்றிக் கேட்க முடிந்தால், எந்த மாத்திரையையும்விட அது உதவும்.

## ஒரே பார்வையில்

| | மது மட்டும் | மாத்திரை மட்டும் | இரண்டும் சேர்த்து | சிகிச்சை |
|---|---|---|---|---|
| தணியும் நேரம் | 3–4 மணி | பல்லுக்கு ஏறத்தாழ 6 மணி. இடுப்புக்குக் குறைவு | கணிக்க முடியாது | பல்லுக்கு அன்றே, நிலையாக. இடுப்புக்கு வாரங்கள் |
| மறுநாள் வலி | கூடும் | பழைய அளவு | கூடும் | குறையும் |
| காரண நோய் | மறைந்து வளரும் | அப்படியே இருக்கும் | மறைந்து வளரும் | ஆறும் |
| மறைந்த செலவு | தூக்கம், வளரும் தேவை, கணையம் | இரைப்பை, சிறுநீரகம் | கல்லீரல், இரத்தக்கசிவு, மூச்சு | கூலி இழப்பு, பலமுறை அலைச்சல் |
| ஏற்ற சூழல் | இல்லை | மருத்துவரைப் பார்க்கும் வரை | இல்லை | வலி திரும்பத் திரும்ப வரும்போது |

## எந்த வழிக்காகவும் காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

பல்வலியோடு தாடைக்குக் கீழே இருபுறமும் வீக்கம், வாய் திறக்க முடியாமை, எச்சில் விழுங்க முடியாமை, நாக்கு மேலே தள்ளப்படுவது ஆகியவற்றில் எது இருந்தாலும் அன்றிரவே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சீழ் கழுத்துக்கு இறங்கி மூச்சுக்குழாயை நெருக்கும் லூட்விக் ஆஞ்சைனா என்ற நிலை அது. இடுப்பு வலியோடு சிறுநீர் கழிக்க முடியாமை, மலம் அடங்காமை, உட்காரும் இடத்தில் மரத்தல், கால் பலமிழத்தல் ஆகியவை வந்தால் தண்டுவட நரம்புகள் நசுங்குகின்றன; மணிக்கணக்கு முக்கியம். போதையில் இருப்பவருக்கு இந்த மரத்தலும் தள்ளாட்டமும் குடியாலேயே என்று தோன்றிவிடும். குடித்திருந்தாலும் போதை தெளியட்டும் என்று காத்திராமல் போக வேண்டிய இடங்கள் இவை.

## ஏற்கெனவே தினமும் குடிப்பவருக்கு

வலிக்காகத் தொடங்கிப் பல மாதங்களாகத் தினமும் குடித்து வருபவர், இதைப் படித்துவிட்டு நாளையே முற்றாக நிறுத்திவிடக் கூடாது. திடீரென நிறுத்தினால் சில மணி நேரத்தில் கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கும்; இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம், அதையடுத்து மனக்குழப்பமும் இல்லாதவை தெரிவதும் வரலாம். உயிருக்கே ஆபத்தான நிலை அது, ஆனால் மருத்துவர் மேற்பார்வையில் மருந்து கொடுத்து எளிதாகத் தடுக்கக்கூடியது. காலையில் குடிக்காமல் கை நடுங்கினால் தானாக நிறுத்தும் கட்டத்தை அவர் தாண்டிவிட்டார் என்று கொள்ளலாம். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு இதற்கு உரிய இடம். நேரில் போகத் தயங்குபவர் 14416 என்ற மனநல உதவி எண்ணிலோ 14446 என்ற போதை மீட்பு எண்ணிலோ கட்டணமின்றிப் பேசலாம்.

அங்கும், பல் மருத்துவரிடமும், எலும்பு மருத்துவரிடமும், எவ்வளவு குடிக்கிறோம் என்பதை மில்லிலிட்டர் கணக்கில் சொல்ல வேண்டும். "எப்பவாச்சும்" என்று சொன்னால், அசிக்ளோஃபெனாக்கோ டிராமடாலோ வழக்கமான அளவிலேயே எழுதப்படும். "தினமும் ஒரு குவார்ட்டர், ஒரு வருஷமா" என்று சொன்னால், மருத்துவர் மாத்திரையை மாற்றுவார், அளவைக் குறைப்பார், கல்லீரலுக்கும் கணையத்துக்கும் சோதனை எழுதுவார், தயமின் சேர்ப்பார். நடுக்கத்தைத் தடுக்கும் மருந்து தொடங்கி, தூக்கம் சீராகும் வரை சில வாரங்கள் ஆகும். இடுப்பு வலியில் எவ்வளவு குடியால் வந்தது, எவ்வளவு முதுகிலேயே இருக்கிறது என்பது அதன் பிறகுதான் தெரியும். மீதியிருக்கும் வலிக்கான பயிற்சியையும் மருந்தையும் அப்போது அளவிட்டுத் தர முடியும்.